ஒயாகோ என்றால் தாயும் பிள்ளையும்



2024 ஏப்ரலில் என் மகன் ஜப்பானில் தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தான். என் கணவரின் பணிமாற்றத்தால் டோக்கியோவுக்கு வடக்கே உள்ள ஒரு சிறு நகரில் குடியேறி மூன்று வாரங்களே ஆகியிருந்தன. மகனுக்கு முட்டை ஒவ்வாமை உண்டு. ஒரு வயதில் அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைச் சிறிது ஊட்டியபோது உதடு வீங்கி, உடல் முழுவதும் தடிப்புகள் எழும்பி, மூச்சு இரைக்கத் தொடங்கியது. அன்று தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதை இன்றும் மறக்க முடியவில்லை. ஊரில் இருந்தவரை மதிய உணவு என் கையால் கட்டிக் கொடுத்ததே. இங்கோ பள்ளியே சமைத்துப் பரிமாறுகிறது. பிள்ளைகள் வெள்ளை மேலாடையும் தொப்பியும் அணிந்து, முறைவைத்து வகுப்பறையில் தாங்களே பரிமாறுகிறார்கள். ஆசிரியையும் அவர்களோடு அமர்ந்து அதே உணவை உண்கிறார். இதற்குக் கியூஷோகு என்று பெயர்.

முதல் வாரத்தில் அவன் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்று வந்தது. அந்த மாதத்தின் உணவுப் பட்டியல் அது. நாளுக்கு ஒரு வரிசை. இடப்பக்கம் உணவுகளின் பெயர்கள். வலப்பக்கம் அவற்றில் சேரும் பொருள்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று கட்டங்களில். உடலை வளர்ப்பவை சிவப்பு, ஆற்றல் தருபவை மஞ்சள், உடல்நிலையைச் சீராக வைப்பவை பச்சை. கடைசியில் கலோரி அளவும் புரத அளவும். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. கைப்பேசியால் படமெடுத்து, மொழிபெயர்க்கும் செயலியில் இட்டேன்.

ஒரு நாளின் உணவு, “தாய் பிள்ளைக் கிண்ணம்” என்று வந்தது. இன்னொரு நாளில் “நரி நூடுல்ஸ்”. வேறொரு நாளில் “சிப்பி உருண்டைச் சாறு”. நானும் கணவரும் சிரித்துத் தீர்த்தோம். பிறகு நான் பேனாவை எடுத்து, ஆபத்தில்லை என்று தோன்றிய நாள்களுக்கு வட்டமிட்டேன். சிப்பி கடலுணவுதானே, முட்டை இல்லையே என்று அந்த நாளுக்கும் ஒரு வட்டம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வட்டம்தான்.

தாய் பிள்ளைக் கிண்ணத்தை ஜப்பானியர் ஒயாகோதோன் என்கிறார்கள். ஒயா என்பது பெற்றவர், கோ என்பது பிள்ளை. தாய் கோழி, பிள்ளை முட்டை. இரண்டையும் சேர்த்துச் சமைத்துச் சோற்றின்மேல் ஊற்றுவதால் அந்தப் பெயர். செயலி சொல்லுக்குச் சொல் சரியாகவே பெயர்த்திருந்தது. என் மகனுக்கு ஆபத்தான பொருளோ அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தது. நரி நூடுல்ஸில் நரி இல்லை, பொரித்த தோஃபு இருக்கிறது. சிப்பி உருண்டைச் சாற்றின் உண்மைப் பெயர் காகிதமாஜிரு. காகி என்ற ஒலிக்குச் சிப்பி என்றும் பொருள் உண்டு, தமா என்றால் உருண்டை. ஆனால் இங்கே காகிதமா என்பது அடித்துக் கலக்கிய முட்டை. கொதிக்கும் சாற்றில் முட்டையை நூல்போல ஊற்றிச் செய்வது அது.

அப்படியானால் வலப்பக்கத்துச் சிவப்புக் கட்டத்தில் முட்டை என்று எழுதியிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதித்தான் இருந்தது. தாளின் மடிப்பு அந்த வரிசையின் மேலேயே ஓடியிருந்தது. படத்தில் மடிப்பின் இருபுறமும் இருந்த எழுத்துகள் சற்றே விலகி நிற்க, செயலி ‘முட்டை’ என்ற சொல்லை அடுத்த நாளின் வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டது. அட்டவணையைப் படமெடுத்துப் பெயர்க்கும்போது இத்தகைய பிழை எளிதில் நேர்கிறது. சொல் சரியாக இருக்கும், அது நிற்கும் இடம் தவறாக இருக்கும். படித்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க இயலாது, ஏனெனில் எல்லாச் சொற்களும் பொருளோடுதான் தெரிகின்றன.

நான் வட்டமிட்ட தாளோடு பள்ளிக்குச் சென்றேன். சேர்க்கைப் படிவத்திலேயே ஒவ்வாமை பற்றி எழுதியிருந்ததால், சந்திப்பு முடியும்வரை வீட்டிலிருந்தே உணவு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். துணைத் தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியை, மருத்துவ அறையைக் கவனிக்கும் ஆசிரியை, உணவுக்குப் பொறுப்பான ஊட்டச்சத்து ஆசிரியை என நால்வர் அமர்ந்திருந்தனர். காயல்பட்டினத்தைச் சேர்ந்த லாத்தா ஒருவர் எனக்காக ஜப்பானிய மொழி பேச வந்திருந்தார். பதினொரு ஆண்டுகளாக இங்கே வாழ்பவர் அவர். ஊட்டச்சத்து ஆசிரியை என் வட்டங்களை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, காகிதமாஜிருவில் விரலை வைத்து நிறுத்தினார். லாத்தாவிடம் ஒரே ஒரு சொல் சொன்னார்: “தமாகோ.” முட்டை.

எனக்கு உள்ளங்கை குளிர்ந்துவிட்டது. அவர் கடிந்துகொள்ளவில்லை. வேறு கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் முன் வைத்தார். எல்லாப் பெற்றோருக்கும் தரும் மாதப் பட்டியல் அன்று அது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் தரும் விரிவான பட்டியல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு நாளின் உணவை வைத்தே அவர் விளக்கினார்.

அன்றைய உணவு கடற்பாசி கலந்த சோறு, 200 மில்லி பால், சிக்குவா பொரியல், காகிதமாஜிரு. மாதப் பட்டியலின் சிவப்புக் கட்டத்தில் பால், சிக்குவா, முட்டை, தோஃபு, கடற்பாசி என்று மட்டும் இருந்தது. சிக்குவா என்பது மீனை அரைத்துக் குழல்போலச் சுட்டெடுத்தது. மாதப் பட்டியலுக்கு அது ஒரே பொருள். விரிவான பட்டியலோ அந்தக் குழலைப் பிரித்துக் காட்டியது: மீன், மாவுச்சத்து, முட்டை வெள்ளைக்கரு, உப்பு, சர்க்கரை, மிரின். மீனை இறுகப் பிடிக்க வெள்ளைக்கருவும், சுவைக்காக மிரின் என்னும் இனிப்பு மதுவும் சேர்க்கப்பட்டிருந்தன. சாற்றில் வெளிப்படையாக இருந்த முட்டையைத்தான் நான் தவறவிட்டேன் என்றால், சிக்குவாவுக்குள் இருந்ததை மாதப் பட்டியலைக் கண்ணாடி போட்டுப் படித்தாலும் கண்டிருக்க முடியாது. ஹாம், மீன் உருண்டை, ரொட்டி, மயோனைஸ் கலந்த கீரை என ஆலையில் செய்து வரும் எதற்கும் இதே நிலைதான். மேலும், பொருளை வழங்கும் நிறுவனம் மாறினால் உள்ளே இருப்பதும் மாறலாம். சென்ற மாதம் பொருந்திய சிக்குவா இந்த மாதமும் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை.

சாற்றுக்கு எளிய வழி இருந்தது. முட்டை கடைசியில்தான் ஊற்றப்படும். ஆகவே அதற்கு முன்பே அவனுடைய பங்கைத் தனியே முகந்து, மூடியிட்டு, பெயர் எழுதிய அட்டையோடு வகுப்புக்கு அனுப்பலாம். அன்றைய சாற்றில் சமையல் மதுவும் இல்லை. சிக்குவாவுக்குப் பதிலாக வீட்டிலிருந்து ஏதேனும் கொண்டுவரலாம். இவ்வாறு ஒவ்வொரு நாளையும் தனித்தனியே முடிவு செய்தோம்.

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். “பிஸ்கட்டில் வெந்துபோன சிறிதளவு முட்டையை இப்போதெல்லாம் அவன் உடல் தாங்குகிறது. அதுபோன்ற நாள்களில் சிறிது கொடுக்கலாமே?” ஆசிரியை மறுத்தார். பள்ளி உணவில் ஒவ்வாமையைக் கையாள 2015-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதன்படி ஒரு பொருளை முழுமையாக விலக்க வேண்டும், இல்லையேல் எல்லாரையும்போலக் கொடுக்க வேண்டும். இவ்வளவு போகலாம், அவ்வளவு கூடாது என்ற நடுநிலை பள்ளியில் இல்லை. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் இடத்தில் ஒரு பிள்ளைக்கு அரைக் கரண்டி என்று கணக்கு வைத்தால், அந்தக் கணக்கு என்றாவது ஒருநாள் தவறும்.

அந்தக் கண்டிப்பின் பின்னால் ஓர் உயிரிழப்பு இருக்கிறது. 2012 டிசம்பரில் டோக்கியோவின் சோஃபு நகரில், பால் ஒவ்வாமை உள்ள ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி உணவுக்குப் பின் இறந்துபோனாள். அன்று பரிமாறிய கொரிய வகை அடையில் பாலாடைக் கட்டித் தூள் கலந்திருந்தது. அவளுக்குரிய அடையைத் தூள் சேர்க்காமல் தனியே செய்து கொடுத்திருந்தார்கள். அதில் எந்தத் தவறும் நேரவில்லை. அவள் இரண்டாம் முறை கேட்டாள். அப்போது கிடைத்தது எல்லாருக்கும் செய்த அடை. உண்ணக்கூடாதவற்றுக்குக் குறியிட்டு வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பட்டியலைப் பார்த்தார்கள். அதில் அந்த அடைக்குக் குறி இருக்கவில்லை. பள்ளியிடம் இருந்த விலக்குப் பட்டியலை அந்த வேளையில் எவரும் பார்க்கவில்லை.

இதை லாத்தா தாழ்ந்த குரலில் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த என் வட்டங்களை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு தாய் வீட்டில் உட்கார்ந்து இடும் குறியை ஒரு வகுப்பறை முழுவதும் நம்பும். குறி இல்லாத இடத்தையும் நம்பும். என் மகனுக்கு அன்றே விதி சொல்லப்பட்டது: விலக்கு உணவு வரும் நாளில் எதையும் இரண்டாம் முறை வாங்கக் கூடாது.

ஒவ்வாமைப் பேச்சு முடிந்து ஹலால் பேச்சுக்கு வந்தோம். இங்கே நம் சமுதாயத்தாருக்கு ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். பள்ளிக்குப் புறப்படுமுன் ஒருவர் எனக்கு நல்லெண்ணத்தோடு ஓர் உபாயம் சொல்லியிருந்தார். “மார்க்கம் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. பன்றி இறைச்சி ஒவ்வாமை என்று எழுதிவிடுங்கள், வேலை எளிதாக முடியும்.” எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகவே தோன்றியது. படிவத்தில் முட்டைக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தேன்.

அந்த எண்ணத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. 2024-இல் ஜப்பானில் உணவுப் பொட்டலங்களில் ஒவ்வாமைக்காகக் குறிக்கப்பட்ட பொருள்கள் 28. அவற்றுள் எட்டைக் குறித்தே தீர வேண்டியிருந்தது: முட்டை, பால், கோதுமை, சோபா எனும் பக்வீட், வேர்க்கடலை, இறால், நண்டு, அக்ரூட். அக்ரூட் 2023-இல் சேர்க்கப்பட்டது. மற்ற இருபதும் குறிக்குமாறு பரிந்துரைக்கப்பட்டவை. பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் அந்த இருபதில் இருந்தன. ஆகவே ஒவ்வாமைத் தாளே நமக்குப் பாதி ஹலால் தாளாகவும் பயன்படுகிறது.

பாதி என்றுதான் சொல்ல வேண்டும். மிரினும் சமையல் மதுவும் அந்த 28-இல் இருக்கவில்லை. அறுக்கப்பட்ட முறையைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லாது. பெயரில் இறைச்சியே இல்லாத உணவிலும் அது இருக்கும். மாபோ தோஃபு என்பதில் நமக்குத் தெரிவது தோஃபு மட்டுமே, ஆனால் பெரும்பாலும் அரைத்த பன்றி இறைச்சி சேர்த்தே அதைச் செய்கிறார்கள். கறி என்ற பெயரைக் கண்டதும் நம் பிள்ளைகள் துள்ளுவார்கள். ஜப்பானியக் கறிக்கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்த எண்ணெய் இருக்கிறது. காய்கறிக் கறி என்று எழுதியிருந்தாலும் கட்டி எதனால் ஆனது என்று கேட்டே ஆக வேண்டும்.

படிவத்துக்கு வருகிறேன். ஊட்டச்சத்து ஆசிரியை காலியிடத்தைக் கண்டு, வேறு ஏதேனும் ஒவ்வாமை உண்டா என்று கேட்டார். நான் லாத்தாவைப் பார்த்தேன். லாத்தா பெயர்க்குமுன் என்னிடம், “அவங்க மருத்துவர் தாள் கேப்பாங்க, மா. அது இல்லாட்டியும் பொய் எழுத வேண்டாம்” என்றார். உண்மைதான். ஒவ்வாமைக்காக உணவை விலக்க வேண்டுமானால் மருத்துவர் நிரப்பிய படிவம் தேவை, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் என்னை நிறுத்தியது அது மட்டுமன்று. பன்றியை ஒவ்வாமை என்று எழுதிய பின் ஒருநாள் அவன் தெரியாமல் அதைத் தின்றுவிட்டால், மருத்துவ அறையில் அட்ரினலின் ஊசியைத் தேடி ஓடுவார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த முறை அவன் உண்மையிலேயே முட்டையைத் தின்று மூச்சுத் திணறும்போது, சென்ற முறை ஒன்றும் ஆகவில்லையே என்று யாரேனும் ஒரு நிமிடம் தயங்கினால்? மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி எழுதும் பொய், அல்லாஹ் அமானிதமாகத் தந்த பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாக முடியும்.

“ஒவ்வாமை முட்டை ஒன்றே. பன்றி, மது, எங்கள் முறைப்படி அறுக்கப்படாத இறைச்சி ஆகியவற்றை எங்கள் மார்க்கம் விலக்கியிருக்கிறது. தெரியாமல் உண்டுவிட்டால் அவன் உடலுக்கு ஆபத்து இல்லை, ஆனால் நாங்கள் அதைத் தவிர்க்க விரும்புகிறோம்” என்று சொன்னேன். ஆசிரியை இரண்டையும் இரண்டு வெவ்வேறு தாள்களில் எழுதிக்கொண்டார். மார்க்கத்துக்காகத் தனியே சமைக்க இயலாது என்பதையும் நேராகவே சொன்னார். சோறும் பாலும் பழமும் பள்ளியில் பெற்றுக்கொள்ளலாம், பொருந்தாத துணை உணவுக்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று முடிவாயிற்று. எல்லா ஊர்களிலும் இதே ஏற்பாடு இருக்காது. ஒவ்வொரு நகராட்சியும் தன் வசதிக்கேற்ப முடிவு செய்கிறது. கேட்காமல் தெரியாது.

இப்போது மாதக் கடைசியில் புதிய பட்டியல் வந்ததும் நான் செய்வதைச் சொல்கிறேன். தாளை இரவு விளக்கில் படமெடுப்பதில்லை. பகலில், சாளரத்தருகே, மடிப்பை நீவிச் சமன்செய்து வைக்கிறேன். மேலும் கீழும் வெள்ளைத் தாளால் மறைத்து, ஒரு நாளின் வரிசை மட்டும் தெரியும்படி எடுக்கிறேன். இருபது நாள்களுக்கு இருபது படங்கள். அடுத்த நாளின் சொல் இந்த நாளுக்குள் நுழைய வழியில்லை. உணவின் பெயர் எவ்வாறு பெயர்க்கப்பட்டாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. விரிவான பட்டியலின் பொருள்களையே பார்க்கிறேன்.

அதோடு, எனக்கு வேண்டிய சில எழுத்துகளை மட்டும் கண்ணால் அடையாளம் காணக் கற்றுக்கொண்டேன். முட்டையை மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒலியெழுத்தில் தமாகோ என்று எழுதுவது ஒன்று. இரு கதவுகள் எதிரெதிரே நிற்க, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி இருப்பதுபோன்ற தனி எழுத்து ஒன்று. உருண்டை, பிள்ளை என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது மூன்றாவது. அந்த உருண்டை எழுத்தால் நான் ஒருமுறை ஏமாந்தேன். வெங்காயத்தின் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. தமாநெகி, உருண்டைத் தாள். மே மாதத்தில் மூன்று நாள்கள் வெங்காயத்துக்குச் சிவப்புக் கோடிட்டு அவன் சாற்றை விலக்கி வைத்தேன். ஆசிரியை சிரித்தபடி கோட்டை அழித்துத் தந்தார். தவறு பாதுகாப்பான பக்கத்தில் நேர்ந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ்.

பால் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு இதைவிடக் கடினம். பாலைக் குறிக்கும் எழுத்து சோயாப் பாலிலும் வருகிறது, எண்ணெயையும் நீரையும் கலக்கப் பயன்படும் சேர்க்கைப் பொருளின் பெயரிலும் வருகிறது. அந்தச் சொற்களில் பசும்பால் இல்லை. மாறாக, பாலிலிருந்தே பிரித்தெடுத்த கேசீன் அந்த எழுத்தே இல்லாமல் அந்நியச் சொல்லாக எழுதப்பட்டிருக்கும். எழுத்தை மட்டும் நம்பினால் இருபுறமும் தவறலாம். ஐயம் வந்த சொல்லைத் தாளில் வட்டமிட்டு ஆசிரியையிடமே அனுப்பிவிடுகிறேன். இப்போது என் வட்டங்கள் “உண்ணலாம்” என்பதைக் குறிப்பதில்லை, “கேட்க வேண்டும்” என்பதையே குறிக்கின்றன.

சென்ற வாரம் புதிய பட்டியலைச் சாளரத்தருகே விரித்து வைத்திருந்தேன். மகன் தோளின்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தான். பள்ளியில் எழுத்துகளைக் கற்று இப்போது என்னைவிட வேகமாகப் படிக்கிறான். நான் ஒரு சொல்லின்மேல் பேனாவைக் கொண்டுபோனேன். “உம்மா, அது வெங்காயம்” என்றான். பின்னர் தாளின் மறுபுறத்துக்கு விரலை நகர்த்தி, நான் இன்னும் வந்து சேராத ஒரு நாளைத் தொட்டான். “இதுதான் ஒயாகோதோன். அன்னிக்கு எனக்கு வீட்டுச் சோறு.”

அவன் காட்டிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டேன்.